விலை ஏறும் முன் எத்தனை மாத நூல் வாங்கலாம்?

திருப்பூரில் சின்ன பனியன் யூனிட் வைத்திருக்கிறேன். மாதம் 3,000 கிலோ 30-ஆம் நம்பர் நூல் ஓடும். வாரா வாரம்தான் வாங்குவேன். கிலோ 250 ரூபாய், 30 நாள் கடன்.

ஒரு மாதக் கடைசியில் ஏஜென்ட் போன் செய்தார். "அண்ணா, ஒண்ணாம் தேதியிலிருந்து கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏத்துறாங்க. ஆறு மாசத்துக்கு எடுத்துப் போட்டுருங்க." 18,000 கிலோவுக்குப் பத்து ரூபாய் என்றால் 1,80,000. ஆசையாகத்தான் இருந்தது.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வங்கியில் சிசி கடனுக்கு வருட வட்டி 12 சதவீதம். கிலோவுக்கு மாதம் 2.50 ரூபாய். குடோன் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 50 காசு. ஆக, ஒரு கிலோ ஒரு மாதம் சும்மா கிடந்தால் மூன்று ரூபாய் போகிறது. இதோடு, பழைய விலை வேண்டும் என்றால் ரொக்கம் கேட்டார்கள். 30 நாள் கடன் போவதும் இன்னொரு 2.50 ரூபாய். பத்து ரூபாய் லாபம் இங்கேயே ஏழரை ஆகிவிட்டது.

ஆறு மாத நூலை மெல்ல மெல்லத் தீர்த்தால் சராசரியாக ஒவ்வொரு கிலோவும் மூன்று மாதம் கிடக்கும். அதற்கு ஒன்பது ரூபாய். கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் நஷ்டம், மொத்தம் 27,000. இரண்டு மாதத்துக்கு 6,000 கிலோ எடுத்தால் சராசரி ஒரு மாதம்தான். கிலோவுக்கு நாலரை நின்று 27,000 லாபம். மூன்று மாதத்துக்கு 9,000 கிலோ எடுத்தாலும் அதே 27,000 தான் வருகிறது! இரண்டரை மாதத்துக்கு மேல் கிடக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்னால் சேர்த்ததைத் தின்கிறது. மொத்த லாபத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. கடைசியாக வாங்கும் மூட்டை தன் வாடகையையும் வட்டியையும் தானே சம்பாதிக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

லாபம் ஒன்றாக இருக்கும்போது 7,50,000 ரூபாய் கூடுதலாக முடக்க எனக்கு மனம் வரவில்லை. 6,000 கிலோ போதும் என்று சொன்னேன்.

ஆர்டர் போட்டதோடு விட்டிருந்தால் ஏமாந்திருப்பேன். அந்த மில்லில் லாரி கிளம்பும் தேதியின் விலைதான் பில்லில் வரும். அதனால் 31-க்குள் பில் போட்டு அனுப்புவதாக எழுதி வாங்கிய பிறகே பணம் கட்டினேன். எல்லாம் ஒரே லாட்டாக வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். லாட் கலந்தால் சாயம் போட்ட துணியில் பட்டை பட்டையாகத் தெரியும்.

நான் கணக்கில் எடுக்காதது ஒன்று. இரண்டாவது மாதம் ஆர்டர் தரும் பார்ட்டி 34-ஆம் நம்பர் நூலுக்கு மாறினார். 800 கிலோ தேங்கியது. அது ஓட இன்னும் இரண்டு மாதம் ஆனதில் 4,800 ரூபாய் போயிற்று. இப்போது கையில் உறுதியான ஆர்டர் இருக்கும் நம்பரை மட்டுமே முன்கூட்டி எடுக்கிறேன்.