நிலாவின் துருவப் பள்ளத்தில் பனி: வைவாவுக்கு நான் படித்த விதம்

எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டரில் நான் எடுத்த ப்ராஜெக்ட், நிலாவின் துருவங்களில் உள்ள நிரந்தர நிழல் பள்ளங்களைப் பற்றியது. இதே தலைப்பை எடுப்பவர்கள் "வெயில் படாததால் பனி உருகவில்லை" என்ற பதிலோடு வைவாவுக்குப் போகாதீர்கள். அடுத்த கேள்வி உடனே வரும்: நிலாவில் காற்றே இல்லை, வெற்றிடத்தில் பனி உருகாமலே நேராக ஆவியாகிவிடும், வெறும் இருட்டு அதை எப்படித் தடுக்கும்?

முதலில் இருட்டு. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. நிலாவின் அச்சுக்குச் சாய்வு சுமார் 1.5 டிகிரிதான். அதனால் துருவத்தில் நின்று பார்த்தால் சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றிவரும். தென் துருவத்தை ஒட்டியுள்ள ஷேக்கிள்டன் பள்ளம் சுமார் 21 கி.மீ. அகலம், 4 கி.மீ.க்குச் சற்று மேல் ஆழம். விளிம்பைத் தாண்டி வரும் கதிர் எதிர்ச் சுவரில் சுமார் 600 மீட்டர் வரைதான் இறங்கும். அடித்தளத்துக்கு நேரடி வெயில் கிடையாது. இந்தப் பகுதியை ஒரு படம் போட்டு இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம்.

நேரம் செலவிட வேண்டிய இடம் வெப்பக் கணக்கு. நிலாவின் உள்ளிருந்து வரும் வெப்பத்தை அப்போலோ 15, 17 பயணங்களில் அளந்தார்கள். சதுர மீட்டருக்குச் சுமார் 0.02 வாட். அதை மட்டும் வைத்து ஸ்டீஃபன்-போல்ட்ஸ்மேன் விதியைப் போட்டுப் பாருங்கள்:

T = (F/σ)^(1/4)

இதில் F என்பது சதுர மீட்டருக்கு வரும் வெப்பம், σ என்பது ஸ்டீஃபன்-போல்ட்ஸ்மேன் மாறிலி. விடை 24 கெல்வின் அளவில் வரும். நிலாவைச் சுற்றும் நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலத்தில் வெப்பநிலையை அளக்கும் டிவைனர் கருவி வட துருவத்தின் ஹெர்மைட் பள்ளத்தில் பதிவு செய்த மிகக் குறைந்த வெப்பநிலை சுமார் 26 கெல்வின். ஆனால் ஷேக்கிள்டனின் தரை ஏறக்குறைய 90 கெல்வின். அதற்குச் சதுர மீட்டருக்கு 3.7 வாட் வேண்டும். அது எங்கிருந்து வருகிறது? வெயில் படும் மேல்சுவரில் பட்டுச் சிதறும் ஒளியும், அந்தச் சூடான பாறை வீசும் அகச்சிவப்புக் கதிரும்தான் காரணம். ஆக, பனி நிற்குமா என்பதைப் பள்ளத்தின் இருட்டு மட்டுமல்ல, அதன் வடிவமும் தீர்மானிக்கிறது. என் பார்வையில் இந்தத் தலைப்பின் உயிரே இதுதான்.

அப்புறம் ஆவியாகும் வேகம். பனியின் ஆவியழுத்தம் வெப்பநிலையோடு அடுக்குக்குறி முறையில் ஏறும். அதை வெற்றிடத்துக்கான ஹெர்ட்ஸ்-நூட்சென் சமன்பாட்டில் போட்டு நீங்களே ஒருமுறை கணக்கிடுங்கள், பிறகு மறக்காது. எனக்கு வந்த விடைகள் தோராயமாக இவை. 100 கெல்வினில் நூறு கோடி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாது. 110 கெல்வினில் அதே காலத்தில் சுமார் 15 சென்டிமீட்டர் போகும். 120 கெல்வினில் அது 13 மீட்டர். 150 கெல்வினிலோ மூன்று, நான்கு ஆண்டிலேயே ஒரு மில்லிமீட்டர் போய்விடும். அதனால்தான் பனி நிலைப்பதற்கான எல்லையை 110 கெல்வினை ஒட்டி வைக்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு கிளைக் கேள்வி வரும், தயாராக இருங்கள்: சராசரி வெப்பநிலையைப் பார்க்க வேண்டுமா, உச்சத்தையா? உச்சத்தை. ஆண்டு முழுதும் 90 கெல்வினில் இருந்துவிட்டுச் சில நாள் மட்டும் 150-ஐத் தொடும் இடத்தில், ஆண்டுதோறும் வரும் அந்தச் சில நாளே காலப்போக்கில் பனியைக் காலி செய்துவிடும்.

பனி இருப்பதற்குச் சான்று கேட்டால் தென் துருவத்துக்கு அருகில் உள்ள கேபியஸ் பள்ளத்தைச் சொல்லுங்கள். 2009 அக்டோபர் 9 அன்று நாசாவின் எல்க்ராஸ் திட்டத்தில் ஒரு காலி ராக்கெட் அடுக்கை அதில் மோதவிட்டார்கள். கிளம்பிய புழுதி பள்ளத்தின் நிழலைத் தாண்டி வெயிலுக்குள் எழுந்தது. பின்னால் வந்த கலம் அதன் நிறமாலையைப் பதிவு செய்தது. கருவியின் பார்வைக்குள் சுமார் 155 கிலோ நீர் தெரிந்தது. மண்ணில் அதன் பங்கு எடையில் 5.6 சதவீதம், பிழை வரம்பு 2.9. அந்தப் பிழை வரம்பை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொன்னால் மதிப்பெண் குறையும்.

இங்கே ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். இது பனிப்பாளம் இல்லை, மண்ணோடு கலந்த பனி. ஜப்பானின் காகுயா கலம் ஷேக்கிள்டனின் உட்புறத்தைப் படமெடுத்தபோது வெண்மையான பனித்தரை எதுவும் தெரியவில்லை. சந்திரயான்-1 சுமந்து சென்ற எம்3 என்ற நிறமாலைக் கருவியின் தரவிலிருந்து 2018-இல் மேற்பரப்புப் பனி உறுதியானபோதும், குளிர்ந்த இடங்களில் சிறு பங்கில்தான் அது தென்பட்டது. "இவ்வளவு குளிரிலும் ஏன் எல்லா இடத்திலும் இல்லை?" என்று கேட்பார்கள். நுண்விண்கற்கள் மண்ணைக் கிளறுகின்றன, சூரியக் காற்றும் புறஊதாக் கதிரும் மேல்படலத்தை அரிக்கின்றன. ஒரு மெல்லிய மண் போர்வை விழுந்தால்தான் பனி தப்பும். தவிர, தொடக்க காலத்தில் நிலாவின் அச்சுச் சாய்வு இன்றைவிட அதிகம். இன்று நிரந்தர நிழலில் உள்ள பல இடங்கள் அன்று வெயிலில் இருந்தவை. அங்கே இருக்கும் பனி, நிழல் விழுந்த பிறகு வந்து சேர்ந்ததாகத்தான் இருக்க முடியும்.