சிமிலாரிட்டி ரிப்போர்ட்டில் எதைத் திருத்துவது? எனக்கு வந்த 27 சதவீதத்தின் கதை

வைவா முடிந்து பத்து நாள் ஆகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் எழுத மாட்டேன். என் ஆய்வு சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்களின் மண்ணைப் பற்றியது. சில்வர் ஓக் நிழலில் கரிமம் எவ்வளவு, வெட்டவெளியில் எவ்வளவு என்பதுதான் கேள்வி. நான்கு வருடம் மண் பையைத் தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியதெல்லாம் கஷ்டமாகத் தெரியவில்லை. என் தீசிஸின் வார்த்தைகள் மற்றவர்கள் எழுதியதோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மென்பொருள் கணக்கிட்டுத் தந்த சிமிலாரிட்டி ரிப்போர்ட், கடைசியில் வந்த அந்த ஒரு பிடிஎஃப் தான் என்னை உட்கார வைத்தது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 27%.

யுஜிசி விதிப்படி 10 சதவீதம்தான் எல்லை, அதைத் தாண்டினால் தீசிஸைத் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். அது எனக்குத் தெரியும் என்பதால்தான் அன்றிரவே மெத்தடாலஜி அத்தியாயத்தைத் திறந்து வார்த்தைகளை மாற்ற ஆரம்பித்தேன். பொருந்திய வரிகளுக்கு ரிப்போர்ட் பூசும் வண்ணம் அங்கேதான் அதிகமாக இருந்தது. மண் கரிமத்தை அளக்கும் வாக்லி–பிளாக் முறை, 1934இலிருந்து எல்லோரும் செய்வது: 1 கிராம் மண், 10 மி.லி. 1 N பொட்டாசியம் டைக்ரோமேட், 20 மி.லி. அடர் கந்தக அமிலம், 30 நிமிடம் காத்திருப்பு, அப்புறம் டைட்ரேஷன். இதை எப்படி எழுதினாலும் யாரோ ஒருவர் எழுதியதுபோலத்தான் இருக்கும். நான் 'அடர்' என்பதற்குப் பதில் 'வலுவான' என்று போட்டேன். (தீசிஸ் ஆங்கிலம். இங்கே தமிழில் சொல்கிறேன்.) இரண்டு நாள் உழைப்பில் அந்த அத்தியாயம் கொஞ்சம் வெளுத்தது. கைடு மேடம் வாசித்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "ஏம்மா, நீர்த்த கந்தக அமிலமும் வலுவான அமிலம்தானே? அதை ஊத்தியா செஞ்சே?" நிறத்தைக் குறைக்கப் போய் வேதியியலைத் தப்பாக்கியிருந்தேன்.

அன்றைக்குத்தான் நூலகத்தில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை ஒழுங்காகப் படித்தேன். நூலகர் அண்ணன் சொன்னது இது: அந்த 27 உங்கள் தீசிஸுக்குப் போட்ட மார்க் இல்லை, ஒரே மாதிரி இருக்கிற வார்த்தைகளின் கணக்கு. காப்பியா இல்லையா என்பதை மென்பொருள் சொல்லாது, படிக்கிற ஆள்தான் சொல்ல வேண்டும்.

என் 27 பிரிந்த விதம்:

- ரெஃபரன்ஸ் பட்டியல் 8
- முன்பக்கச் சான்றிதழ், உறுதிமொழி 1
- நானும் மேடமும் வெளியிட்ட கட்டுரை 6
- ஆய்வுப் பகுதி விவரம் 2
- மெத்தடாலஜி 4
- இலக்கிய மீளாய்வு 5
- அங்கங்கே சிதறியவை 1

முதலாவது யுஜிசியின் 2018 விதிமுறையிலேயே கணக்கில் சேராதது, இரண்டாவது எல்லோரும் அப்படியே எழுத வேண்டிய வாசகம். பட்டியலை விலக்கும் வசதி ஆன் செய்திருந்தும் எனக்கு 8 வந்ததற்குக் காரணம் சில்லறை விஷயம்: தலைப்பு வரியில் அத்தியாய எண்ணும் சேர்ந்து இருந்தது. தலைப்பைத் தனி வரியில் விட்டதும் பட்டியல் மொத்தமும் கழன்றுகொண்டது. எங்கள் கட்டுரைக்கு மேடம் கையெழுத்திட்ட கடிதமும் கட்டுரைப் பிரதியும் கொடுத்து, அத்தியாயத் தொடக்கத்திலும் அதைச் சொன்னோம். ஒரு விதிவிலக்கு உண்டு. முடிவுரையில் அந்தக் கட்டுரையின் சுருக்கத்திலிருந்து 31 வார்த்தை அப்படியே இருந்தது. அதை மட்டும் திருப்பி எழுதினேன். சுருக்கம், முடிவுகள், பரிந்துரை ஆகிய இடங்களில் ஒப்புமையே கூடாது என்கிறது அதே விதிமுறை. பொதுவான சொற்றொடராக 14 வார்த்தை வரை தொடர்ந்து வந்தால்தான் விலக்கு. ஒரு பொருத்தத்தின் அளவைப் பார்க்கும் முன் அது எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

மிச்சம் 12. அதற்குள் ஆய்வுப் பகுதி விவரம் ஒரு வேடிக்கை. சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது, பாறை சார்னோகைட், பாக்சைட் கிடைக்கிறது, காபியை 1820களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்தார். ஏற்காட்டைப் பற்றி ஆய்வு செய்த எல்லோரும் இதே வரிசையில் இதையேதான் எழுதியிருக்கிறோம். ரிப்போர்ட் ஒரு பழைய ஆய்வேட்டைக் காட்டியது. நான் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அந்த மூலத்தை விலக்கிப் பார்த்தால் சதவீதம் குறையவில்லை. அதே இடத்தில் இன்னொரு ஆய்வேடு வந்து உட்கார்ந்தது. ஒரு பத்திக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு மூலத்தைத்தான் மேலே காட்டுகிறார்கள், அடியில் இன்னும் பல கிடக்கும். ஆகவே, காட்டப்படும் பெயர்தான் நீங்கள் எடுத்த இடம் என்று அர்த்தமில்லை, ஒன்றை விலக்கினால் தப்பித்தோம் என்றும் இல்லை. நான் அந்தப் பத்தியில் பாதியை வெட்டிவிட்டேன். கலெக்டர் காக்பர்னுக்கும் என் மண் மாதிரிக்கும் என்ன சம்பந்தம்? அவருக்குப் பதிலாக என் 12 இடங்களின் உயரம், சரிவு, எந்தத் தோட்டத்தில் எத்தனை வருட மரம் என்று எழுதினேன். அதற்கு யாருடனும் பொருத்தம் வரவில்லை, வர வழியும் இல்லை.

மெத்தடாலஜியில் கெட்டுப்போன வார்த்தைகளை எல்லாம் பழையபடி வைத்தேன். பொது நடைமுறையை மூலத்தைச் சொல்லி இரண்டு வரியில் முடித்தேன். பிறகு நான் செய்ததை விரித்தேன்: எந்தச் சல்லடை, ஒவ்வொரு தொகுதிக்கும் மண் போடாத தனி பிளாங்க், முறை முழுக் கரிமத்தையும் பிடிக்காது என்பதால் 1.3 என்ற திருத்தக் காரணியைப் பயன்படுத்தினேனா என்பது. 4 என்பது 2 ஆனது. அந்த 2ஐ அப்படியே விட்டேன். வைவாவில் யாரும் கேட்கவில்லை.

இப்போது முக்கியமான இடம். மூலங்களின் பட்டியல் பெரியதிலிருந்து சிறியதாகப் போகும். எல்லோரும் மேலே முதல் ஐந்தைப் பார்த்துவிட்டு நிறுத்துவோம். என் உண்மையான தப்பு 14ஆவது எண்ணுக்குக் கீழே, தலா 1 சதவீதமும் அதற்குக் குறைவுமாகப் படுத்திருந்தது. எல்லாம் இலக்கிய மீளாய்வில். ஒன்றைக் காட்டுகிறேன்.

மூலக் கட்டுரையின் சாரம்: "நிழல் மரங்களின் சருகு மெதுவாக மக்கி, மேல் 15 செ.மீ. மண்ணில் கரிமப் பொருளைக் கூட்டுகிறது. இதனால் நீர்ப்பிடிப்புத் திறனும் உயர்கிறது."

என்னுடையது: "நிழல் தரும் மரங்களின் சருகு படிப்படியாக மக்கி, மேல் 15 செ.மீ. மண்ணில் கரிமப் பொருளை அதிகரிக்கிறது. இதன் காரணமாக நீர்ப்பிடிப்புத் திறனும் உயர்கிறது." கடைசியில் அடைப்புக்குறிக்குள் மூன்று ஆசிரியர் பெயர்.

மேற்கோள் கொடுத்திருக்கிறேனே என்று எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நான் நன்றி சொன்னது கருத்துக்கு. வாக்கியமும் மூலக் கட்டுரையினுடையது, அதற்கு எந்தக் குறியும் இல்லை. இதைவிட மோசம், வண்ணம் அடைப்புக்குறியையும் சேர்த்து மூடியிருந்தது. அதாவது மூன்று பெயரும் அதே வரிசையில் மூலக் கட்டுரையில் இருந்தன. அவற்றில் இரண்டை நான் படிக்கவே இல்லை. வண்ணம் மேற்கோளுக்குள் நுழைந்திருந்தால் அந்த இடத்தில் நில்லுங்கள். 27 சதவீதத்திலும் எனக்கு வெட்கமாக இருந்தது இந்த இடம் மட்டும்தான்.

இதில் இன்னொரு பொறி. 14 வார்த்தைக்குக் குறைந்த பொருத்தங்களை மறைக்கும் வடிகட்டியைப் போட்டால் இந்த வாக்கியம் ரிப்போர்ட்டிலிருந்தே காணாமல் போகிறது. எட்டு வார்த்தைக்கு ஒன்றை மாற்றிக்கொண்டே போனால் தொடர் அறுந்துவிடும், அவ்வளவுதான். மென்பொருள் விட்டுவிடும். அந்தத் துறையில் இருக்கிற பரிசோதகர் விடமாட்டார், ஏனென்றால் மூலக் கட்டுரையை அவர் படித்திருப்பார். அண்ணனிடம் கெஞ்சி, வடிகட்டி போட்டது ஒன்று, போடாதது ஒன்று என இரண்டு பிரதி வாங்கினேன். சமர்ப்பிக்க முதலாவது, திருத்த இரண்டாவது.

திருத்தியது எப்படி என்றால், என் வழி கொஞ்சம் வீட்டு வழி. மூலத்தை மூடி வைத்துவிட்டு அம்மாவிடம் தமிழில் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "சரி, அவங்க அப்படிச் சொன்னா நீ எதுக்குத் தனியா தோண்டினே?" என்றார். அந்தக் கேள்விக்கு வந்த பதில்தான் புதுப் பத்தி: அந்த ஆய்வு 15 செ.மீ. ஆழத்தோடு நின்றுவிட்டது, சருகின் விளைவு அதற்குக் கீழே போகிறதா என்று தெரியவில்லை, அதனால் நான் 30 செ.மீ. வரை இரண்டு அடுக்காக எடுத்தேன். படிக்காத இரண்டு பெயரை நீக்கினேன். ஒன்றைத் தேடிப் படித்தபோது அது காபியைப் பற்றியதே இல்லை, தேயிலை. உங்களுக்குத் தனியாக உட்கார்ந்து எழுதினால்தான் வரும் என்றால் அப்படியே செய்யுங்கள். ஆனால் மூலம் திரையில் திறந்திருக்கும்போது மட்டும் எழுதாதீர்கள், கண் தானாக அங்கே போகும்.

நான் தொடாமல் விட்டவை:

- "முடிவுகள் அட்டவணையில் தரப்பட்டுள்ளன" வகை வரிகள்
- வேதிப்பொருள், கருவி, புள்ளியியல் சோதனைப் பெயர்கள்
- இரட்டை மேற்கோள் குறிக்குள் இருந்த ஒரே ஒரு வரையறை (ஒற்றைக் குறி போட்டிருந்தபோது அதையும் எண்ணிவிட்டது)

திருத்தி முடித்ததும் 5 வரும் என்று எனக்கே கணக்குத் தெரிந்தது. ஆனாலும் பயம். புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் 300 ரூபாய் கொடுத்து ஒரு தடவை சோதித்துப் பார்த்தேன். 5 என்றுதான் வந்தது. ஒன்பது நாள் கழித்து நூலகத்தில் அதே கோப்பை ஏற்றினால் 93. அண்ணன் முதல் மூலத்தைச் சொடுக்கினார். வேறு மாநிலத்தில் ஏதோ ஒரு கல்லூரியின் மாணவர் கட்டுரை என்று காட்டியது. பதிவான தேதி நான் அந்தக் கடைக்குப் போன தேதி. சேமிக்காமல் சோதிக்கும் அமைப்பைத் தேர்வு செய்யாமல், என் தீசிஸையே களஞ்சியத்தில் போட்டுவிட்டார்கள். மேடம் மறுபடி ஒரு கடிதம், நான் ஒரு விளக்கம், அந்த மூலத்தை விலக்க இன்னும் மூன்று வாரம். விலக்கியதும் 5. விளக்கக் கடிதத்தோடு அந்த 300 ரூபாய் ரசீதின் நகலையும் இணைக்க வேண்டியிருந்தது.