முதலாளிக்கு ஒரு சாப்டர்கூட இல்ல

கையெழுத்துப் பிரதி படிச்சு நாவல் எடிட் பண்ற வேலை எனக்கு. சந்திப்பிழை பார்க்கிறதும் அதுல உண்டு, ஆனா எனக்குப் பிடிச்சது அதுக்கு முன்னாடி வர்ற கட்டம்தான், அதாவது டிராஃப்ட் இன்னும் களிமண்ணா இருக்கும்போது எழுதினவரோட உக்காந்து எதை எடுக்கிறது எதை விடுறதுன்னு சண்டை போடுறது. இதுவரைக்கும் ரொம்ப நாள் இழுத்த சண்டைன்னா ஒரு திருப்பூர் தம்பியோட நாவல்லதான். நாவல் இன்னும் வெளிவரல, அதனால பேரெல்லாம் வேணாம், ஆளுங்களை அவங்க வேலைய வச்சே சொல்றேன்.

கதை நடக்கிறது 2011 ஜனவரிய ஒட்டி. திருப்பூர் சாயப்பட்டறைங்க எல்லாத்தையும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட நேரம். நொய்யல் ஓரத்துல ஒரு சாயப்பட்டறை, ஒரு ராத்திரி யாரோ வால்வைத் திறந்து கழிவுத்தண்ணிய சுத்திகரிக்காம ஆத்துல விட்டுடறாங்க. யார் திறந்தது, யார் சொல்லித் திறந்தது, அதுதான் முடிச்சு. டிராஃப்ட் 86,000 வார்த்தை, 43 சாப்டர், ஒவ்வொரு சாப்டரும் யாரோ ஒருத்தர் பார்வையில. மொத்தம் ஒம்போது பேர்.

ஒம்போதுங்கிற நம்பர் எனக்குப் பிரச்சனையே இல்ல. முதல் ரவுண்டு படிக்கும்போது ஒரு இடத்துல எனக்கே தெரியாம பின்னாடி புரட்டிப் பார்த்தேன், அதுதான் பிரச்சனை. பாய்லர்காரர் ஆறாவது சாப்டர்ல வர்றாரு, அப்புறம் பத்தொம்போதாவதுலதான் திரும்ப வர்றாரு. நடுவுல 12 சாப்டர், புத்தகமாப் போட்டா நூறு பக்கத்துக்கு மேல. இவர் யாரு, இவருக்குத்தானே பொண்ணு கல்யாணம், இல்ல அது மாஸ்டரான்னு நானே குழம்பினேன், நானாச்சும் காசு வாங்கிட்டுப் படிக்கிறவ, பொறுமையா புரட்டுவேன். வாசகர் எதுக்குப் புரட்டணும்?

எண்ணிப் பார்த்தேன். முதலாளிக்கு 11 சாப்டர், சாய மாஸ்டருக்கு 6, முதலாளி மகனுக்கு 5, ஆத்துக்குக் கீழ தோட்டம் வச்சிருக்கிற பெரியவருக்கு 5, அவர் பொண்ணுக்கு 4, பாய்லர்காரருக்கு 4, மாசுக்கட்டுப்பாட்டு வாரிய இன்ஜினியருக்கு 4, முதலாளி சம்சாரத்துக்கு 3, பேங்க் மேனேஜருக்கு 1.

ஒரு பெரிய தாள்ல 43 வரிசை போட்டு ஒவ்வொண்ணுக்கும் நேரா ரெண்டே கேள்வி எழுதினேன். இந்த சாப்டர்ல இந்த ஆளுக்கு என்ன மாறுது? இவர் கண்ணு இல்லாம இந்தக் காட்சிய வேற யாரும் பார்க்க முடியாதா? ரெண்டுக்கும் பதில் இல்லாத வரிசைல பென்சில்ல ஒரு சுழி. இன்ஜினியரோட நாலு சாப்டருக்கும் சுழிதான் விழுந்துச்சு. அவர் வர்றாரு, தண்ணிய பாட்டில்ல பிடிக்கிறாரு, உப்பு ஏன் இவ்வளவு இருக்கு, ஆர்ஓ எப்படி வேலை செய்யுது, மிச்சம் நிக்கிற உப்புத்தண்ணிய ஏன் ஆவியாக்கணும்னு மனசுக்குள்ள விளக்குறாரு, ஜீப்ல ஏறிப் போயிடறாரு. எழுதினவருக்குத் தகவல் சொல்ல ஒரு வாய் தேவைப்பட்டிருக்கு, அதுக்கு ஒரு ஆளை செஞ்சு வச்சிருக்காரு. டிராஃப்ட்ல இது ரொம்ப சகஜம். ஒரு ஆளோட சாப்டர்ல அவர் யோசிக்கிறதெல்லாம் வாசகருக்குத் தெரியவேண்டிய விஷயமாவே இருந்து, அவருக்கு உறுத்துற விஷயம் ஒண்ணுகூட இல்லேன்னா, அவர் வெறும் குறிப்பேடு.

மாஸ்டர் விஷயம் இன்னும் மோசம். வால்வைத் திறந்ததே அவர்தான், அது 38வது சாப்டர்லதான் தெரியணும். ஆனா அதுக்கு முன்னாடியே அவர் மனசுக்குள்ள நாம அஞ்சு தடவ போயிட்டு வந்துட்டோம், அஞ்சு தடவையும் "அந்த ராத்திரிய நினைச்சாலே அவருக்கு வேர்த்தது" மாதிரி ஒரு வரி போட்டு நழுவ விட்டிருக்காரு தம்பி. ஒரு ஆளோட தலைக்குள்ள உக்கார வச்சுட்டு, அவர் சதா நினைச்சிட்டிருக்கிற ஒரே விஷயத்தை மட்டும் மறைச்சா அது சஸ்பென்ஸ் இல்ல, கண்ணாமூச்சி. ரகசியம் வச்சிருக்கிறவருக்குப் பார்வை குடுத்தா ஒண்ணு சீக்கிரமே சொல்லிடணும், பிடிபடுவாரா மாட்டாரான்னு கதை போகும், அதுவும் நல்ல கதைதான். இல்லேன்னா அவரை வெளிய நிறுத்தணும். தம்பிக்கு யார்னு கடைசிலதான் தெரியணும், அதனால மாஸ்டரோட ஆறு சாப்டரும் போச்சு.

அப்போ ரகசியத்தை யார் வழியா கொண்டு போறது? இங்கதான் எனக்கு இந்த வேலைல ருசியே. பாதி தெரிஞ்ச ஆளுங்களைத் தேடினோம். சுத்திகரிச்சு மிச்சம் நிக்கிற உப்புத்தண்ணிய ஆவியாக்க நீராவி வேணும், நீராவி பாய்லர்ல இருந்து போகணும், பாய்லருக்கு விறகு. ஆத்துல திறந்து விட்டா அந்த நீராவி தேவையில்ல. அப்போ ராத்திரி ஷிப்ட்ல விறகு கம்மியா போடச் சொன்னா பாய்லர்காரருக்குக் கை அறியும், ஏன்னு தெரியாது. அந்தப் பக்கம் முதலாளி சம்சாரம் வீட்டுல உக்காந்து கணக்கு எழுதறாங்க, சாயம் போட உப்பு வேணும், அந்த உப்பு பில் அதேதான் இருக்கு, அப்போ சாய வேலை ஓடுது, ஆனா விறகு பில் மட்டும் இறங்குது. இது டிராஃப்ட்ல ஏற்கனவே மூணாவது சாப்டர்ல ஒரே ஒரு வரியா கிடந்துச்சு, தம்பிக்கே அது என்னன்னு தெரியாம எழுதியிருக்காரு! நான் அந்த வரிக்குக் கீழ கோடு போட்டு அனுப்பினேன், ராத்திரி பத்து மணிக்கு போன், "அக்கா, அந்தம்மாதானுங்களே கண்டுபிடிக்கணும்?" இன்ஜினியர் நாலு சாப்டர்ல சொன்னதெல்லாம் இந்தம்மா ரெண்டு பில்லைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிற காட்சியில வந்துடுச்சு. மூணு சாப்டர்காரம்மாவுக்கு இப்ப 13 சாப்டர்.

பெரிய சண்டை முதலாளிக்காக. "அவருக்குத்தானுங்கக்கா கதையே, அவரை எப்படிங்க எடுக்கிறது?" நான் சொன்னது, எடுக்கச் சொல்லல, உள்ள போகாதீங்கன்னுதான் சொல்றேன். அவரோட 11 சாப்டரையும் படிச்சா நல்ல மனுஷன், கடன் இருக்கு, பயம் இருக்கு, எல்லாத்தையும் அவரே விளக்கிடறாரு. விளக்கின உடனே ஆள் சின்னதாயிடறாரு. ஆனா பாய்லர்காரர் பார்வையில அதே ஆள் அதிகாலைல வந்து தீக்கு முன்னாடி ஒண்ணும் பேசாம நின்னுட்டுப் போற இடத்துல எனக்கு வயித்தைக் கலக்குச்சு. திறக்கச் சொன்னாரா, சொல்லாமலே மாஸ்டர் புரிஞ்சுக்கிட்டாரான்னு மத்தவங்க எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துதான் கணிக்கணும், அதுதான் இந்த நாவல்.

தம்பி சும்மா விடுவாரா, அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னர எடுத்துட்டு வந்தாரு. 1930ல வந்த அவரோட ‘ஆஸ் ஐ லே டையிங்’ நாவல்ல 15 பேர் கதை சொல்றாங்களே, நான் ஒம்போதுதானே வச்சேன்னு. சரி எண்ணுவோம்னு உக்காந்தோம். மொத்தம் 59 பகுதி, அதுல டார்ல் ஒருத்தனுக்கே 19, சின்னப்பையன் வார்டமனுக்கு 10. ரெண்டு பேரே பாதிய எடுத்துக்கிட்டாங்க. ஏழு பேருக்கு ஆளுக்கு ஒண்ணுதான், செத்துப்போன அம்மா ஆடிக்கும் ஒண்ணுதான். தம்பிய மடக்கினது ஜூவல் கணக்குதான். டார்ல் சதா பார்த்துப் பொறாமைப்படுறதும் பொருமுறதும் தம்பி ஜூவலைத்தான், அவனுக்கும் ஒரே ஒரு பகுதிதான். தம்பி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சரிங்க, எங்க முதலாளிக்கு அந்த ஒண்ணாவது?"ன்னாரு. அதுவும் கிடைக்கலேன்னு வைங்க.

மகனை எடுத்ததுக்கு சண்டையே வரல, அந்தப் பையன் அப்பாவைப் பத்தி நினைக்கிறதெல்லாம் அம்மா சாப்டர்ல ஏற்கனவே இருந்துச்சு.

மிச்சம் நின்னவங்க குரல் வேற வேறயா இருக்கான்னு பார்க்க ஒரு பழைய வழி வச்சிருக்கேன். ஆளுக்கு ஒரு பத்தி எடுத்து பேரையெல்லாம் அழிச்சுட்டு எழுதினவர்கிட்டயே குடுத்து யாருதுன்னு கேப்பேன். மூணுல ரெண்டு தப்பா சொன்னாரு, அவர் எழுதினதுதான்! எல்லாரும் ஆத்தைப் பார்த்து ஒரே மாதிரி பெருமூச்சு விட்டுட்டிருந்தாங்க. அதனால ஒரு வாரம் ஒரே வேலை, ஆத்துத் தண்ணிய மூணு பேரும் எப்படிப் பார்க்கிறாங்கன்னு மட்டும் எழுதிட்டு வரச் சொன்னேன். பாய்லர்காரர் ஆத்தைப் பார்க்கவே இல்ல, அவர் பிரஷர் முள்ளைத்தான் பார்க்கிறாரு, நேரத்தைக்கூட எத்தனை தடவ விறகு போட்டோம்னுதான் சொல்றாரு. அம்மாவுக்கு ஆறுங்கிறது இன்னும் கட்டாத ஒரு பில். தோட்டத்துப் பெரியவரோட பொண்ணு பனியன் கம்பெனில செக்கிங் டேபிள்ல நிக்கிறவ, ஓட்டை, கறை, கலர் மாத்தம்னு துணியப் பிரிச்சுப் பார்த்தே பழகின கண்ணு, அவ தண்ணியப் பார்த்து "நேத்து மெரூன், இன்னைக்கு நேவி, சாயம் சரியா பிடிக்கல"ங்கிறா. இந்த ஒரு வரிக்கப்புறம் அவ சாப்டருக்கு மேல பேர் போடவே வேண்டியதில்ல.

நான் தப்பு பண்ண இடமும் சொல்லிடறேன். பெரியவரோட அஞ்சு சாப்டரையும் நான்தான் தூக்கச் சொன்னேன். அப்பாவும் பொண்ணும் ஒரே வீடு, ஒரே கிணறு, ரெண்டு பார்வை எதுக்கு, பொண்ணுதான் கம்பெனிக்கும் தோட்டத்துக்கும் நடுவுல போறவ, அவளே போதும்னு என் வாதம். தாள்ல பார்த்தா அது சரிதான். புது டிராஃப்டைப் படிச்ச இன்னொரு வாசகி கேட்டாங்க, அந்த அப்பா கிணத்தை ஏன் மூடினாரு, கோவமா, வெக்கமா? பொண்ணுக்கு அது தெரியாது. அப்பா மூடினப்போ அவ ஷிப்ட்ல இருந்தா, திரும்பி வந்து மூடின கிணத்தைத்தான் பார்க்கிறா. அந்த நேரத்துல அங்க இருந்த ஒரே ஆளை நான் வெட்டிட்டேன். போன் பண்ணி, தம்பி, அந்த ஒண்ணை மட்டும் திருப்பி வைங்கன்னு சொன்னேன். "நானும் அழிக்கலீங்கக்கா, நீங்க கேப்பீங்கன்னு வச்சிருந்தேன்"னாரு, சிரிப்பு வேற. இப்ப நாவல் நடுவுல ஒரே ஒரு தடவ பெரியவர் வர்றாரு, நாலு பக்கம், மண்ணு தள்ளுறாரு, போயிடறாரு. ஒரே தடவ வர்ற ஆளை ஆரம்பத்துல வச்சா திரும்ப வருவார்னு வாசகர் காத்திருப்பாங்க, கடைசியில வச்சா முடிக்கத் தெரியாம கொண்டு வந்த மாதிரி இருக்கும். நடுவுல, மத்த மூணு பேர் சுத்தும் பழகினப்புறம், அந்த வரிசை உடையிறதே தனியா கேக்கும்.

பேங்க் மேனேஜரோட அந்த ஒத்த சாப்டரும் போயிடுச்சு. முதலாளி கடனுக்கு டைம் கேட்டுக் கெஞ்சுற காட்சி, நல்லாத்தான் எழுதியிருந்தாரு. இப்ப அது அம்மா பார்வையில இருக்கு. கண்ணாடிக்கு வெளிய பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருக்காங்க, மடியில ஃபைல், உள்ள அவர் நிக்கிறது மட்டும் தெரியுது, எதிர்ல சேர் காலியா இருந்தும் உக்காரல.

போன வாரம் தம்பி கேட்டாரு, "உள்ள என்ன பேசினாருன்னு ரெண்டு பக்கம் எழுதி வச்சிருக்கேனுங்க, சேத்துக்கலாமாங்க?"

"அந்தம்மாவுக்குக் கேட்டுச்சா?"

"இல்லீங்க, கதவு சாத்தியிருக்குதுங்களே."

அப்போ வேணாம் தம்பின்னேன்.