சுவர்களுக்கு நடுவே ரப்பர் கட்டை: இதுவரை பார்த்தது

சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டில் தண்ணீர் பம்ப்பின் அதிர்வைக் குறைக்க, அடியில் ரப்பர் கட்டை வைக்கலாம் என்று யோசனை. பம்ப் உட்காரும் இடம் இரண்டு சுவர்களுக்கு நடுவே இருக்கும் ஒரு வாய்க்கால் மாதிரி. கட்டை அங்கே சுவர் இருக்கும் திசையில் மட்டும் விரிய முடியாது, வாய்க்காலின் நீளத் திசை திறந்திருக்கும். அப்போது எவ்வளவு அமுங்கும் என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை.

கட்டை 60 மி.மீ. கனசதுரம். மேலே 7 கிலோ இரும்புத் தகடும் மூன்று 10 கிலோ அரிசி மூட்டையும் வைத்தால் அழுத்தம் p ஏறக்குறைய 0.1 MPa. சுவரே இல்லாமல் வைத்தபோது 3 மி.மீ. இறங்கியது. அதாவது 5 சதவீதம். ஆக ரப்பரின் விறைப்பைச் சொல்லும் யங் குணகம் E = 0.1/0.05 = 2 MPa. அமுங்கும் திரிபில் எத்தனை பங்கு பக்கவாட்டில் விரியும் என்று சொல்லும் பாய்சான் விகிதம் ν ரப்பருக்குக் கிட்டத்தட்ட 0.5 என்பதால், பக்கவாட்டில் இரு திசைகளிலும் அகலம் 1.5 மி.மீ. கூட வேண்டும். மேலும் கீழும் கிரீஸ் தடவாவிட்டால் உராய்வு பிடித்துக்கொண்டு கட்டை நடுவில் பீப்பாய் போல வீங்கும். ஓரத்தில் அளந்தால் குறைவாகக் காட்டும்.

இனி சுவர். சுவர் தடுக்கும் x திசையில் திரிபு, அதாவது நீளம் மாறும் விகிதம், பூஜ்யம். திறந்த y திசையில் தகைவு, அதாவது உள்ளே இருக்கும் அழுத்தம், பூஜ்யம். தகைவையும் திரிபையும் இணைக்கும் பொது ஹூக் விதியில் இதைப் போட்டால்:

```
சுவர் அழுத்தம்   = ν p
அமுங்கும் திரிபு  = (1 − ν²) p/E
விரியும் திரிபு    = ν(1 + ν) p/E
கன அளவு குறைவு   = (1 + ν)(1 − 2ν) p/E
```

நம் கட்டைக்கு அமுங்குவது 3.75 சதவீதம், அதாவது 2.25 மி.மீ. திறந்த பக்கம் விரிவதும் அதே 2.25. கன அளவு மாறவில்லை, சரிதான்.

முதலில் மரப்பலகைச் சுவர் வைத்தேன். அமுங்கியது 2.4. அக்கா மகன் எட்டிப் பார்த்து, "மாமா, பலகை நகருது" என்றான். சுவருக்கு வெளியே டயல் கேஜ் வைத்தோம், கட்டைக்கு 0.3 மி.மீ. இடம் கிடைத்திருந்தது. அது அற்பமாகத் தெரியும். ஆனால் 60-க்கு 0.3 என்பது 0.005 திரிபு, E-யால் பெருக்கினால் 0.01 MPa. சுவர் தாங்க வேண்டிய 0.05-இல் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. மீதி 0.04-ஐப் போட்டால் அமுங்கும் திரிபு (0.1 − 0.5 × 0.04)/2 = 0.04. அளந்த 2.4 மி.மீ. அப்படியே வருகிறது! இரும்பு ஆங்கிளை போல்ட் போட்டு இறுக்கியதும் 2.3-க்கு வந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது நாலாவது வரிதான். சுவர் பிடித்தால் கட்டை கன அளவில் குறைவாகச் சுருங்கும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு. சுவரும் ஒரு பக்கம் அமுக்குவதால் சுருக்கம் (1 + ν) மடங்கு கூடுகிறது. அலுமினியத்துக்கு ν 0.33 என்றால் மூன்றில் ஒரு பங்கு அதிகம். ரப்பரில் இது தெரியாது, (1 − 2ν) அதை விழுங்கிவிடும். தக்கைக்கோ ν கிட்டத்தட்ட பூஜ்யம். சுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கணக்கு சிறிய திரிபுக்குத்தான் பொருந்தும். ரப்பரை 10 சதவீதத்துக்கு மேல் அமுக்கினால் இந்த வரிகளை அப்படியே நம்ப முடியாது. பம்ப்பின் எடை அவ்வளவு அமுக்காது. அடுத்து தக்கைப் பலகை வாங்கி, அதே ஆங்கிளுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும்.