சாய்கோட்டுக்கு முன்னால் இருந்த எண்

அந்த அழைப்பு ஒன்றரை நிமிடம்கூட நீடித்திருக்காது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணலுக்கு வர முடியுமா என்று கேட்டேன். மறுமுனையில் தறிச் சத்தம். "நான் அவனோட அப்பனுங்க. பையன் வெளிய போயிருக்கறானுங்க, வந்ததும் சொல்லிப்போடறனுங்க" என்றார் ஒரு பெரியவர். "சரிங்க, மறக்காமச் சொல்லிருங்க" என்று வைத்துவிட்டேன். அந்த இளைஞர் வந்தார், ஆனால் வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்குச் சரியாக, சான்றிதழ் கோப்புடன் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். மெர்ச்சண்டைசர் உதவியாளர் இடத்துக்கு முந்தைய நாள் மாலையே வேறொருவரை முடிவு செய்திருந்தோம்.

அவருடைய விண்ணப்பத்தை அன்று மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். பெயருக்குக் கீழே ‘செல்’ என்று போட்டு, இரண்டு பத்து இலக்க எண்கள், நடுவில் ஒரு சாய்கோடு. எது யாருடையது என்ற குறிப்பு இல்லை. எங்கள் எக்செல் தாளில் கைப்பேசிக்கு ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. தட்டச்சு செய்பவர் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார். அப்படி வந்ததுதான் அப்பாவின் எண். இளைஞரின் சொந்த எண் என் பார்வைக்கே வரவில்லை.

தவறு அவருடையது என்றுதான் முதலில் எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரே நாளில் நாற்பது பேரைக் கூப்பிடுகிறவர் ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் பொருள் தேடிக்கொண்டிருக்க முடியாது. தவிர, நான் தொலைபேசியோடு நின்றுவிடவும் இல்லை. அப்பாவிடம் பேசிய அன்று மாலையே மின்னஞ்சலும் அனுப்பினேன், அது திரும்பி வந்தது. அச்சிட்ட தாளைப் பார்த்து முகவரியைத் தட்டச்சு செய்திருந்தேன். வேர்டில் மின்னஞ்சல் முகவரியை அடித்து இடைவெளி விட்டால் அது தானாகவே நீல நிறத்தில் அடிக்கோடிட்ட இணைப்பாக மாறும். முகவரிக்குள் இருக்கும் அடிக்கீறு அந்தக் கோட்டோடு கலந்து மறைந்துவிடும். அவர் பெயருக்கும் பிறந்த ஆண்டுக்கும் நடுவில் ஓர் அடிக்கீறு இருந்திருக்கிறது. நான் இரண்டையும் சேர்த்தே அடித்திருந்தேன். விண்ணப்பத்தை அச்சிடும் முன் அவர் முகவரியின் மீது வலது சொடுக்குச் செய்து இணைப்பை நீக்கியிருந்தால் அது தெளிவாகத் தெரிந்திருக்கும்.

ஆனால் அந்த மின்னஞ்சல் திரும்பி வந்ததைப் பார்த்த நேரத்திலாவது விண்ணப்பத்தைப் புரட்டி இரண்டாவது எண்ணைக் கூப்பிட்டிருக்கலாம். அப்பாவிடம் பேசியபோதே, "கிழமையை ஒருதரம் திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கலாம். தறிச் சத்தத்தில் வியாழனும் வெள்ளியும் ஒன்றாகக் கேட்கும் என்பது இந்த ஊரில் வளர்ந்த எனக்குத் தெரியாததல்ல.

வெள்ளிக்கிழமை அவரை என் மேசைக்கு அழைத்து, சொந்த எண்ணை முதலில் எழுதுமாறு சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை, "என் நம்பர்ல ரீசார்ஜ் முடிஞ்சு போச்சுன்னா கொஞ்ச நாள்ல இன்கமிங்கும் நின்னுருதுங்க. அப்பா நம்பர் எப்பவும் இருக்கும்னுதானுங்க முன்னால போட்டேன்" என்றார். நான் கவனக்குறைவு என்று நினைத்த வரிசை அவர் யோசித்து எழுதிய வரிசை. அதற்கு என்னிடம் அப்போது பதில் இல்லை.

இப்போது கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு எண்களை இரண்டு வரிகளில் எழுதுங்கள், சாய்கோடு வேண்டாம். முதல் வரியில் சொந்த எண், +91 போட்டு, பத்து இலக்கங்களையும் ஐந்து ஐந்தாகப் பிரித்து. இரண்டாவது வரியில் ‘அப்பா, மாலை 6 மணிக்கு மேல்’ என்பதுபோல் யாருடைய எண், எப்போது எடுப்பார் என்ற குறிப்போடு மாற்று எண். வேலை தேடும் மாதங்களில் சொந்த எண்ணின் ரீசார்ஜ் காலாவதியாக விடாதீர்கள். வேறொருவர் எடுத்தால் அழைத்தவரின் பெயர், நிறுவனம், தேதி, கிழமை, நேரம் ஆகியவற்றைத் தாளில் எழுதி வைக்கும்படி வீட்டில் சொல்லி வையுங்கள். தேதியும் கிழமையும் சேர்ந்து இருந்தால், ஒன்று தவறாகக் கேட்டாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

இதை உறுதியாகச் சொல்லி வந்தேன், சென்ற மாதம் வரை. ஒரு பெண் தன் விண்ணப்பத்தில் ஒரே எண்ணைக் கொடுத்து, பக்கத்தில் ‘அம்மாவின் எண்’ என்று நேர்மையாகக் குறித்திருந்தார். என்னோடு பணிபுரிபவர் அதைப் பார்த்து, "சொந்தமா ஒரு நம்பர்கூட இல்லாதவங்க பையர்கிட்ட எப்படிங்க பேசுவாங்க?" என்று தாளை ஓரமாக வைத்தார். குறிப்பு இல்லாமல் வெறும் எண்ணாக இருந்திருந்தால் அவர் கூப்பிட்டிருப்பார். நான் அந்தத் தாளை எடுத்து அந்த அம்மாவை அழைத்துப் பேசினேன். தேதியையும் கிழமையையும் இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். எக்செல் தாளில் இப்போது எண்ணுக்கு இரண்டு கட்டங்களும், ‘யாருடையது’ என்று மூன்றாவது ஒன்றும் இருக்கின்றன. அந்த மூன்றாவது கட்டத்தை நேர்காணல் செய்பவர்களுக்குப் போகும் நகலில் மறைத்துவிட வேண்டுமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.