மூன்றாவது காரணி எங்கிருந்து வந்தது?

டயாலிசிஸ் நோயாளிகள் சொல்லும் சோர்வை அளக்கத் தமிழிலேயே ஒரு வினாத்தாள் உருவாக்கியது என் பிஎச்டி வேலையின் முதல் பாதி. நான் சிறுநீரகப் பிரிவில் நர்ஸாக இருந்தவள். வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருப்பவர்கள் தங்கள் அசதியை என்ன வார்த்தையில் சொல்கிறார்கள் என்று குறித்து வைத்து, அதிலிருந்து 18 கேள்விகள் எழுதினேன். 10 கேள்விகள் உடல் அசதிக்கு, 8 கேள்விகள் கவனம் நிற்காமல் போவதற்கு. ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்பதில் தொடங்கி ‘எப்போதும்’ வரை 5 பதில்கள், மதிப்பெண் 0 முதல் 4 வரை.

312 பேரிடம் கேட்டு முடித்த பிறகு, கேள்விகள் நான் நினைத்தபடி இரண்டு கொத்தாக நிற்கின்றனவா என்று பார்க்கக் காரணிப் பகுப்பாய்வுக்கு உட்கார்ந்தேன். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் எந்த அமைப்பையும் மாற்றாமல் ஓட்டியபோது 4 கொத்து வந்தது. புள்ளியியல் துறையில் இருக்கும் சார், பிரிண்ட் அவுட்டைப் பார்த்துவிட்டு இரண்டே விஷயம் சொன்னார். நான் எதையும் மாற்றாததால் அது செய்தது முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு. அதைக் காரணிப் பகுப்பாய்வு என்று எழுதக் கூடாது. ஒரு கொத்தின் அளவைக் காட்டும் ஐகன் மதிப்பு 1-க்கு மேல் இருந்தால் எடுத்துக்கொள் என்ற விதியும் பெரும்பாலும் தேவைக்கு மேல் கொத்துகளைக் கொடுத்துவிடும். “இணைப் பகுப்பாய்வு போட்டுப் பாரும்மா” என்றார்.

1965-ல் ஹார்ன் கொண்டுவந்த முறை அது. நம் தரவின் அளவிலேயே, அதாவது 312 பேர், 18 கேள்விகள் என்று, அர்த்தமில்லாத எண்களை கணினி பல முறை உருவாக்கும். அந்த வெறும் எண்களிலும் தற்செயலாகச் சில கொத்துகள் தென்படும். நம் காரணி, அதாவது நம் கொத்து, அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் கணக்கில் சேரும். 0 முதல் 4 வரையிலான பதில்கள் படிநிலைகள்தான், முழு அளவைகள் அல்ல; அதனால் சாதாரண ஒட்டுறவுக்குப் பதில் பாலிகோரிக் ஒட்டுறவு எடுத்தேன். உடல் அசதியும் கவனக் குறைவும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது வார்டில் ஒரு நாள் நின்றாலே தெரியும். ஆகவே காரணிகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொள்ளும் வேரிமேக்ஸை விட்டுவிட்டு ஆப்ளிமின் சுழற்சி. ஆர் மென்பொருளில் இவ்வளவுதான்:

```r
library(psych)
library(GPArotation)
fa.parallel(d, fa = "fa", cor = "poly")
f3 <- fa(d, nfactors = 3, cor = "poly",
         fm = "minres", rotate = "oblimin")
print(f3$loadings, cutoff = 0.3)
```

மூன்று காரணிகள் என்றது. முதல் இரண்டும் நான் எதிர்பார்த்தவை. மூன்றாவதில் 4 கேள்விகள்: ‘காலையில் எழும்போது தெம்பாக இருந்தது’, ‘சோர்வில்லாமல் வீட்டு வேலை செய்ய முடிந்தது’, ‘படித்தது மனதில் நின்றது’, ‘கடைக்கு நடந்து போய்வர முடிந்தது’. ஒவ்வொன்றும் அந்தக் காரணியோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று காட்டும் சுமை 0.5-க்கு மேல். இதற்கு ‘புத்துணர்வு’ என்று பெயர் வைத்து, அத்தியாயத்தில் இரண்டு பக்கமும் எழுதிவிட்டேன். படிக்க நன்றாகவே இருந்தது.

உறுத்தியது ‘படித்தது மனதில் நின்றது’ என்ற கேள்விதான். அது கடைக்கு நடப்பதோடு சேர்ந்து நிற்க என்ன காரணம்? நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தபோது, பொருளில் அவற்றுக்குப் பொது எதுவும் இல்லை. நான்கும் நேர்மறையாக எழுதப்பட்டவை, மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டியவை என்பது மட்டுமே பொது. யோசிக்காமல் ஒரே பக்கமாக டிக் அடிப்பவர்களைக் கண்டுபிடிக்க என்று நானே கலந்து வைத்தவை அவை. திருப்பிப் போட மறந்துவிட்டேனோ என்று முதலில் சோதித்தேன். மறந்திருந்தால் மற்றக் கேள்விகளோடு அவற்றின் ஒட்டுறவு எதிர்க்குறியோடு வந்திருக்கும், அப்படி இல்லை.

அப்புறம் தாள்களைக் கையில் எடுத்தேன். இரண்டு மாலை ஆனது. 41 தாள்களில் ‘உடம்பெல்லாம் அசதி’ என்பதற்கும் ‘எப்போதும்’, ‘தெம்பாக இருந்தது’ என்பதற்கும் ‘எப்போதும்’. ஃபிஸ்டுலா உள்ள கையில் ஊசி ஏற்றியிருக்கும்போது பலரால் பேனா பிடிக்க முடியாது. நான் வாசிக்க, அவர்கள் வாயால் சொன்னதை நான் குறித்தேன். அப்படிப் பதில் சொன்ன ஒரு பெரியவரிடம் மறுபடி போய், ‘சோர்வில்லாமல் வீட்டு வேலை செய்ய முடிந்தது’ என்பதற்கு ‘எப்போதும்’ என்று ஏன் சொன்னீர்கள் ஐயா என்று கேட்டேன்.

“எப்பவுமே சோர்வுதான் சிஸ்டர். அதான் எப்போதும்னு சொன்னேன்.”

அவர் காதில் விழுந்தது ‘சோர்வு’ என்ற சொல். ‘இல்லாமல்’ விழவில்லை. நாலு மணி நேரத்தில் மூன்றாவது மணி நேரம் அது, இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் நேரம். அவர் சொன்ன 4-ஐ நான் திருப்பி 0 ஆக்கியிருக்கிறேன். வார்டிலேயே மிகவும் களைத்திருந்த மனிதர், அந்தக் கேள்வியில் களைப்பே இல்லாதவராகப் பதிவாகியிருக்கிறார்.

இப்படிப் புரிந்துகொண்டவர்கள் சிலர் இருந்தாலே போதும். திருப்பிய நான்கு கேள்விகளும் அவர்கள் தாளில் ஒன்றாக இறங்கும், மற்ற 14-உம் ஒன்றாக ஏறும். அந்த நான்குக்கும் இடையே கூடுதலாக ஓர் ஒட்டுறவு உருவாகி, அதுவே காரணியாக வெளியே வருகிறது. ஏறத்தாழ 10 சதவீதம் பேர் கவனிக்காமல் பதில் சொன்னாலே இது நடக்கும் என்று 1985-ல் ஷ்மிட்டும் ஸ்டல்ட்ஸும் காட்டியிருக்கிறார்கள். என்னிடம் 13 சதவீதம். 41 தாள்களையும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். இணைப் பகுப்பாய்வு இரண்டோடு நின்றது. இவ்வளவு குழப்பத்திலும் 18 கேள்விகளின் ஆல்ஃபா 0.91 என்று அழகாக இருந்ததையும் சொல்ல வேண்டும். கேள்விகள் பொதுவாக ஒட்டி நிற்கின்றன என்பதைத்தான் ஆல்ஃபா காட்டும். எத்தனை கொத்து என்பதை அது சொல்லாது.

அந்த 41 பேரை நீக்கிவிட்டே ஆய்வை முடித்திருக்கலாம். மனம் ஒப்பவில்லை. அவர்களில் பெரும்பாலோர் மிகவும் களைத்தவர்கள்; களைப்பை அளக்கும் கருவியிலிருந்து அவர்களையே வெளியேற்றினால் அது யாருக்கான கருவி? நான்கு கேள்விகளையும் நேராக மாற்றி எழுதினேன். ‘வீட்டு வேலை செய்ய முடியாதபடி சோர்வாக இருந்தது’ என்றேன். ஆறு பேரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் வார்த்தையிலேயே சொல்லச் சொன்னேன். ஒரே பக்கமாகச் சொல்பவர்களைப் பிடிக்கும் வழி போய்விட்டது என்பது உண்மையான இழப்பு; அதைக் குறைபாடாகவே ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன்.

கேள்விகள் மாறியதால், வேறு இரண்டு மையங்களில் புதிதாக 220 பேர். பழைய தரவில் கண்டுபிடித்த அமைப்பை அதே தரவில் உறுதிப்படுத்துவது சோதனையே ஆகாது, எப்படியும் புதியவர்கள் வேண்டும். இந்த முறை உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வு, ஆர் மென்பொருளின் `lavaan` தொகுப்பில் `ordered = TRUE` கொடுத்து. பொருத்தம் காட்டும் எண்களில் சிஎஃப்ஐ 0.96, ஆர்எம்எஸ்இஏ 0.07. 0.95, 0.06 என்று எல்லோரும் சொல்லும் எல்லைகள் 1999-ல் ஹூவும் பென்ட்லரும் வேறு வகை மதிப்பீட்டு முறையை வைத்துச் சொன்னவை. படிநிலைத் தரவில் இந்த எண்கள் இருப்பதைவிட நன்றாகத் தெரியக்கூடும். அதனால் மாதிரி விளக்காமல் விட்ட எச்சங்களைத்தான் நம்பிப் பார்த்தேன். ஓர் இடம் துருத்தியது: ‘மாடிப்படி ஏறினால் கால் ஓய்ந்துபோகிறது’, ‘கொஞ்ச தூரம் நடந்தாலே கால் ஓய்ந்துபோகிறது’. இரண்டின் பிழைகளையும் ஒரு கோடு போட்டு இணைத்தால் எண் மேலும் அழகாகும். ஆனால் ஒரே கேள்வியை நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன் என்பதுதான் விஷயம். மாடி இல்லாத வீடுகள் பல, மாடிப்படியை எடுத்துவிட்டேன்.

இப்போது 17 கேள்விகள், 2 காரணிகள், அவற்றுக்கிடையே ஒட்டுறவு 0.68. இந்த இரண்டும் சோர்வுதானா, அல்லது இரத்தசோகையோ மனச்சோர்வோ வேறு பெயரில் வருகிறதா என்பதைக் காரணிப் பகுப்பாய்வால் சொல்ல முடியாது. அதற்காக ஹீமோகுளோபின் அளவுகளையும் ஒரு மனச்சோர்வு வினாத்தாளையும் சேர்த்து வாங்கி வருகிறேன். இந்த முறை முதல் மணி நேரத்துக்குள் கேட்டுவிடுகிறேன்.