மஞ்சள் பிபிடி வீடியோவான கதை

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் மஞ்சள் விவசாயிகள் குழுவில் ஒரு பிபிடி சுற்றிக்கொண்டிருந்தது. அறுவடையில் தொடங்கி, வேகவைப்பது, காயவைப்பது, பாலீஷ் போடுவது, விரலியும் கிழங்கும் பிரிப்பது வரை படங்களோடு இருக்கும். கூட்டத்தில் ஒருவர் நின்று விளக்கினால் புரியும். அதையே போனில் அனுப்பினால் யாரும் திறப்பதில்லை. திறந்தாலும் எழுத்து பொடிசாகத் தெரியும். சரி, இதைக் குரலோடு வீடியோவாக்கி அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தோம். எடிட்டிங் மென்பொருள் யாருக்கும் தெரியாது. பவர்பாயிண்டிலேயே எல்லாம் முடிந்தது.

முதலில் யார் பேசுவது என்ற கேள்வி வந்தது. எனக்கு மஞ்சள் பதம் பற்றிப் பேச அருகதை இல்லை. பெரியப்பா கொப்பரையில் வேகவைத்த காலத்திலிருந்து பதம் பார்ப்பவர், அவரையே கேட்டேன். நான் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, "இதைப் படிச்சா பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிக்கறாப்ல இருக்கும் கண்ணு. படத்தைக் காட்டு, பார்த்துட்டே சொல்றேன்" என்றார். அதுதான் சரியான வழி என்று அப்புறம் புரிந்தது. படம் எதுவோ அதைப் பற்றி மட்டும் பேசுவதால் குரலும் படமும் தானாகப் பொருந்திவிடுகின்றன.

பவர்பாயிண்டில் Record Slide Show என்று ஒன்று இருக்கிறது. ஸ்லைடு ஓட ஓட மைக்கில் பேசிக்கொண்டே போகலாம், ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஆன நேரத்தையும் அதுவே குறித்துக்கொள்ளும். தானே மவுஸும் பிடித்துப் பேசவும் செய்பவருக்கு இது போதும். ஆனால் ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்கு மாறும் அந்த நொடியில் அது ஒலியைப் பதிவதில்லை. பேசிக்கொண்டே அடுத்த ஸ்லைடுக்குத் தட்டினால் ஒரு சொல் பாதியில் விழுங்கப்படும். பேசி முடித்து, ஒரு மூச்சு விட்டு, தட்டி, படம் முழுதாக வந்தபின் பேசத் தொடங்க வேண்டும். பேச்சு ஓட்டத்தில் இருக்கும் பெரியவரிடம் இந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. அதனால் ஒலியைத் தனியாகப் போனில் பிடித்து, ஸ்லைடுக்கு ஒரு கோப்பு என்று வைத்துக்கொண்டோம். ஒரே மூச்சில் முழுப் பேச்சையும் பதிந்து பிறகு வெட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஏழாவது ஸ்லைடில் இருமல் வந்தால் ஏழாவதை மட்டும் திரும்பப் பேசினால் போதும்.

பதிவு செய்யும் இடம்தான் எங்கள் ஊர்ப்பக்கத்தில் பெரிய தொல்லை. பக்கத்து வீதியில் விசைத்தறி ஓடுகிறது. அந்த 'டக் டக்' காதுக்குப் பழகிவிடும், மைக்குக்குப் பழகாது. கரண்ட் போன நேரத்தில் உள்ளறையில் உட்கார்ந்து முடித்தோம். போனை அவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தேன். நேரே வைத்தால் 'ப' வரும் சொற்களில் காற்று மோதி 'பொத்' என்று கேட்கிறது. எல்லாக் கோப்பையும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் பதிந்துவிடுவது முக்கியம். இல்லாவிட்டால் ஸ்லைடுக்கு ஸ்லைடு சத்தம் ஏறி இறங்கும்.

வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக அனுப்பிய ஒலியை எங்கள் பவர்பாயிண்ட் ஏற்கவில்லை. அது opus என்ற வடிவத்தில் வருகிறது. போனின் வாய்ஸ் ரெக்கார்டரில் m4a-வாகப் பதிந்து, கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. கோப்புகளுக்கு 01, 02, 03 என்று இரண்டு இலக்கத்தில் பெயர் வைத்தோம். வெறும் 1, 2 என்று வைத்தால் சில இடங்களில் 10 என்பது 2-க்கு முன்னால் போய் நின்றுகொள்ளும்.

இனி ஸ்லைடு. பவர்பாயிண்டின் அகலத் திரை ஸ்லைடு 13.33 அங்குலம் அகலம், அதாவது சுமார் 34 சென்டிமீட்டர். போனைப் படுக்கையாகப் பிடித்தால் திரை 14, 15 சென்டிமீட்டர்தான். ஸ்லைடில் 18 பாயிண்டில் இருக்கும் எழுத்து அங்கே ஏறக்குறைய 8 பாயிண்டாகச் சுருங்கும். போனை நிமிர்த்திப் பிடித்தபடியே பார்ப்பவர்தான் அதிகம், அப்போது அகலம் 7 சென்டிமீட்டர், எழுத்து 4 பாயிண்டுக்கும் கீழே. மருந்துச் சீட்டில் அச்சடிப்பதைவிடச் சின்னது. எங்கள் பழைய பிபிடி போனில் ஏன் செல்லுபடியாகவில்லை என்பதற்கு இந்தக் கணக்கே பதில். அதனால் 40 பாயிண்டுக்குக் கீழே எதுவும் இருக்கக்கூடாது என்று வைத்தோம். அப்படி வைத்ததும் ஒரு ஸ்லைடில் ஒரு வரிக்கு மேல் எழுத இடமே இல்லை. அதுவும் நல்லதுக்குத்தான், விவரத்தைச் சொல்லத்தான் குரல் இருக்கிறதே.

வேகவைக்கும் ஸ்லைடை எடுத்துக்கொள்கிறேன், உழைப்பு முழுக்க அதில்தான் போனது. பழையதில் ஒரே பக்கத்தில் நான்கு போட்டோ, ஆறு வரி. பெரியப்பா அதைப் பார்த்துப் பேசியது ஒரு நிமிடத்தைத் தாண்டியது. கேட்பவர் எந்தப் போட்டோவைப் பற்றிப் பேசுகிறார் என்று தேட வேண்டியிருந்தது. நான்கு போட்டோவையும் ஒன்றன்பின் ஒன்றாக அனிமேஷனில் வரவைக்கலாம் என்று பேச்சு வந்தது. நான் அதை விரும்பவில்லை. அனிமேஷன் நேரத்தைக் குரலோடு ஒட்டவைப்பது வினாடி வினாடியாகப் பிடுங்கும் வேலை. அதற்குப் பதில் ஸ்லைடையே மூன்றாக உடைத்தோம். ஒன்றில் நுரை பொங்கி, ஆவியோடு மஞ்சள் வாசம் கிளம்பும் படம். அடுத்ததில் வெந்த கிழங்கில் குச்சி தடையில்லாமல் இறங்கும் படம். மூன்றாவதில் பதம் தப்பியது: அதிகம் வெந்தால் நிறம் கெடும், குறைவாக வெந்தால் காய்ந்தபின் நொறுங்கும். நான்காவது போட்டோ கொப்பரையைத் தூரத்திலிருந்து எடுத்தது, ஒன்றும் சொல்லவில்லை என்று தூக்கிவிட்டோம். பெரியப்பா மூன்றுக்கும் தனித்தனியாகப் பேசினார்: 22 வினாடி, 19 வினாடி, 24 வினாடி.

ஒலியைச் சேர்க்க Insert > Audio > Audio on My PC. ஸ்லைடில் ஒரு ஸ்பீக்கர் படம் வந்து உட்காரும். அதைத் தேர்ந்தெடுத்து Playback-இல் Start என்ற இடத்தில் Automatically என்று மாற்றி, Hide During Show என்பதையும் டிக் செய்ய வேண்டும். முதலாவதைச் செய்யாவிட்டால் ஒலி கிளிக்குக்காகக் காத்திருக்கும். இரண்டாவதை விட்டால் வீடியோ முழுக்க அந்த ஸ்பீக்கர் படம் மஞ்சள் மேல் உட்கார்ந்திருக்கும். கோப்பின் தொடக்கத்தில் தொண்டையைச் செருமும் சத்தம் இருந்தால் அங்கேயே Trim Audio-வில் நறுக்கிவிடலாம்.

அடுத்தது ஸ்லைடு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது. Transitions-இல் After என்ற பெட்டியை டிக் செய்து, ஒலியின் நீளத்தோடு ஒரு வினாடி கூட்டிப் போட்டேன்: 00:23.00, 00:20.00, 00:25.00. அந்த ஒரு வினாடி இல்லாவிட்டால் கடைசிச் சொல் முடிந்த கையோடு அடுத்த படம் வந்து மோதும். படம் மாறும்போது சுழன்று வருவது, பறந்து வருவது எல்லாவற்றையும் None ஆக்கினேன். மாறும் நேரம் மொத்தக் கணக்கில் சேர்ந்து குழப்பும், பார்ப்பவருக்கும் அதில் ஒரு பயனும் இல்லை.

வீடியோவாக்க File > Export > Create a Video. அங்கே 4K, 1080p, 720p, 480p என்று தரம் கேட்கும். போனுக்கு 720p தாராளம். அதற்குக் கீழே Use Recorded Timings and Narrations என்று இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். Don't Use என்று கிடந்தால் நாம் வைத்த நேரத்தை விட்டுவிட்டு, அடியில் உள்ள பெட்டியில் இருக்கும் வினாடியை எடுத்துக்கொள்ளும். மாற்றாவிட்டால் அது 5. முழுதாக உட்கார்ந்து பார்க்காமலே தவறைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எல்லா ஸ்லைடின் After நேரத்தையும் முன்பே கூட்டி வைத்திருந்தால், வந்த வீடியோவின் நீளம் அதோடு ஒத்துப்போக வேண்டும். குறிப்பிடத்தக்க வித்தியாசம் வந்தால் ஏதோ ஒரு ஸ்லைடில் நேரம் விட்டுப்போயிருக்கிறது.

ஏற்றுமதி ஓடும்போது கீழே பட்டை மெல்ல நகரும். பழைய லேப்டாப்பில் டீ குடித்து வரலாம். அது முடியும் முன் பவர்பாயிண்டை மூடினால் வரும் கோப்பு திறக்காது. இன்னொன்று, பிபிடியைச் செய்த கம்ப்யூட்டரிலேயே வீடியோவாக்குவது நல்லது. எங்கள் பழைய ஸ்லைடுகள் சில யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டியது. வீடியோவானபின் எழுத்தும் படமாகிவிடுவதால் அந்தப் பயம் இல்லை.

குழுவில் ஒரு தம்பியிடம் பவர்பாயிண்ட் இல்லை, லிப்ரே ஆபிஸ்தான். அவரிடம் இருந்த இம்ப்ரஸில் வீடியோவாக்கும் வசதி இல்லை. அவர் ஸ்லைடுகளை பிடிஎஃப் ஆக்கி, அதைப் படங்களாகப் பிரித்து, ஒவ்வொரு படத்தையும் அதன் ஒலியோடு ffmpeg என்ற மென்பொருளில் சேர்த்தார். முதல் வரி எல்லா ஸ்லைடையும் படமாக்கும், இரண்டாவது வரி ஒரு ஸ்லைடுக்கு, இவ்வளவுதான்:

```
pdftoppm -png -scale-to-x 1280 -scale-to-y 720 manjal.pdf s
ffmpeg -loop 1 -i s-01.png -i 01.m4a -c:v libx264 -tune stillimage -pix_fmt yuv420p -c:a aac -shortest 01.mp4
```

இதில் `-pix_fmt yuv420p` என்பதை விட்டால் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடும் வீடியோ பல போன்களில், டிவிகளில் கறுப்புத் திரையும் குரலுமாக நிற்கும். எல்லாத் துண்டையும் பிறகு ffmpeg-இன் concat வழியில் ஒட்டிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே அளவில், ஒரே அமைப்பில் செய்திருந்தால்தான் அது சிக்கலில்லாமல் ஒட்டும்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னொருமுறை சுருக்கும், எழுத்தின் ஓரம் கலங்கும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். ஆனால் டவுன்லோடு செய்துதான் பார்க்க முடியும் என்பதால் பெரியவர்கள் சிலர் திறக்கவில்லை. 40 பாயிண்ட் எழுத்து சுருக்கத்தையும் தாங்கியதால், அவர்களுக்கு வீடியோவாகவே அனுப்பினோம்.

மஞ்சள் வேகவைக்கும் பாய்லரின் வாடகை சொல்லும் ஸ்லைடு அடுத்த பருவத்துக்குப் பொருந்தாது. அதற்காக பிபிடியை ஒலியோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அந்த ஒரு ஸ்லைடில் ஒலியை மாற்றி, After நேரத்தைத் திருத்தி, மறுபடி ஏற்றுமதி செய்தால் புது வீடியோ தயார். பெரியப்பா இப்போதே கேட்கிறார், "அந்தக் குச்சி விடறதை நான் இன்னும் நல்லா சொல்லியிருப்பேன், அதையும் மாத்திக்கலாமா கண்ணு?"